ரிட்டர்ன் பார்சலைப் படிப்பது எப்படி? ஆன்லைனில் டி-ஷர்ட் விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் சொந்தமாகத் தைத்து ஆன்லைன் தளங்களில் விற்கும் சின்ன யூனிட்கள் சிலவற்றுக்கு ரிட்டர்ன் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே வருவதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உதாரணமாக வருவது ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட். சிங்கிள் ஜெர்சி காட்டன், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, ஐந்து நிறம், ஐந்து சைஸ். கணக்கு எளிதாகப் புரியட்டும் என்று எண்களை முழு எண்களாக நானே அமைத்திருக்கிறேன். யாருடைய கடைக் கணக்கும் அல்ல.

மாசம் எவ்வளவு வித்தது, எவ்வளவு திரும்பி வந்தது, ரெண்டையும் வகுத்தா ரிட்டர்ன் சதவீதம் வந்துடுமே, இதுல என்ன கஷ்டம்?

வகுத்தால் ஒரு எண் வரும். ஆனால் அந்த எண்ணில் இரண்டு வேறு மாதங்கள் கலந்திருக்கும். இந்த மாதம் வந்து சேரும் ரிட்டர்னில் பாதி போன மாத விற்பனையைச் சேர்ந்தது.

தீபாவளி சமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் 800 பீஸ் டெலிவரி, அக்டோபரில் 2,000, நவம்பரில் மறுபடி 800. மூன்று மாதமும் உண்மையான ரிட்டர்ன் 12 சதவீதம்தான், அதில் பாதி அதே மாதமும் மீதி அடுத்த மாதமும் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் கையில் வருவது செப்டம்பர் பாக்கி 48, அக்டோபருடையது 120, ஆக 168. இதை 2,000-ஆல் வகுத்தால் 8.4 சதவீதம். முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார். நவம்பரில் அக்டோபர் பாக்கி 120, நவம்பருடையது 48, மறுபடி அதே 168. இப்போது வகுப்பது 800-ஆல் என்பதால் 21 சதவீதம். செக்கிங் செக்ஷனில் எல்லோரும் திட்டு வாங்குவார்கள். துணி, தையல், போட்டோ எதுவும் மாறவில்லை.

ஆகவே ஒவ்வொரு ரிட்டர்னையும் அது எந்த ஆர்டருக்கு உரியதோ அந்த ஆர்டரின் டெலிவரி தேதியோடு சேர்த்துவிட வேண்டும். "அக்டோபரில் டெலிவரி ஆனவற்றில் எத்தனை திரும்பின" என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். ரிட்டர்ன் கேட்க ஏழு நாள், பிக்கப் ஆக இரண்டு மூன்று நாள், நம் கைக்கு வர ஒரு வாரம், பத்து நாள். டெலிவரி ஆகி 30 நாள் தாண்டாத ஆர்டரை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கஸ்டமர் வாங்காமலே திரும்பி வர்ற பார்சலையும் ரிட்டர்ன்ல சேர்க்கணுமா?

கூடாது. அது ஆர்டிஓ. (வண்டி லைசென்ஸ் ஆர்டிஓ இல்லை. ஆர்டர் அனுப்பிய இடத்துக்கே திரும்புவது.) கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரில் வீட்டில் ஆள் இல்லை, கையில் பணம் இல்லை, மனசு மாறிவிட்டது என்று பார்சல் பிரிபடாமலே வந்துவிடும். பிரிக்காத பார்சலைப் பார்த்துத் துணியைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லியிருக்க முடியாது. ஆர்டிஓவுக்குத் தனி ஷீட், தனி வைத்தியம்.

இதனால் கீழே வகுக்கும் எண்ணும் மாறும். அனுப்பிய பீஸ் எண்ணிக்கையால் வகுக்காமல், கஸ்டமர் கையில் சேர்ந்த பீஸ் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ரிட்டர்ன் ரிப்போர்ட்ல காரணம் போட்டிருக்கே, அதை அப்படியே நம்பலாமா?

அப்படியே நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். கஸ்டமர் அந்தக் காரணத்தை எந்த நிலையில் தேர்ந்தெடுக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். போனில் ஒரு பட்டியல் வருகிறது. எதைத் தொட்டால் கேள்வி இல்லாமல் பணம் திரும்பி வரும் என்று அவருக்கு ஓரளவு தெரியும். 'வேண்டாம்னு தோணுது' என்று சொல்லத் தயங்குகிறவர் 'தரம் சரியில்லை' என்பதைத் தொடுகிறார். சிலர் பட்டியலில் மேலே எது இருக்கிறதோ அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒருமுறை 'தரம் சரியில்லை' என்று வந்த 30 பார்சலைத் தனியாக எடுத்து வைத்து, செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கணிசமான பீஸில் ஒரு குறையும் இல்லை, மடிப்புக்கூடக் கலையவில்லை. சிலவற்றில் கழுத்துப் பட்டையில் பவுடர் கறை, சென்ட் வாசனை. ஒரு விசேஷத்துக்குப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் நம்முடைய டி-ஷர்ட்டே இல்லை, சாயம் போன ஒரு பழைய பனியன் இருந்தது. அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "தம்பி, இதுக்கு நிஜமாவே தரம் சரியில்லதான்" என்றார். உண்மையான பழுது, அதாவது ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஏழு பீஸில்தான் இருந்தது.

அந்த ஏழில் ஐந்து, ஒரே மாதிரி தோளில் விட்டுப்போன தையல். ஆளுக்கு ஆள் பொய்யான காரணம் சொன்னாலும், அந்தப் பொய் எல்லா நிறத்திலும் எல்லா சைஸிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரவியிருக்கும். மெரூன் வாங்குகிறவர் கறுப்பு வாங்குகிறவரைவிட அதிகம் பொய் சொல்லப் போவதில்லை. ஆகவே ஒரு காரணம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த இடத்தில் குவிகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஒவ்வொரு தளத்துலயும் காரணம் வேற வேற பேர்ல வருது, எப்படிச் சேர்க்கறது?

நீங்களே ஆறு கூடை வைத்துக்கொள்ளுங்கள்: சிறிது, பெரிது, படத்துக்கு மாறானது, பழுது/தரம், வேறு பொருள் வந்தது, மனம் மாறியது. அமேசான் கிடங்கு ரிட்டர்ன் ரிப்போர்ட்டில் `APPAREL_TOO_SMALL`, `NOT_AS_DESCRIBED`, `UNWANTED_ITEM` என்று வரும். மற்ற தளங்களில் வாக்கியமாகவே வரும். எந்தப் பெயர் எந்தக் கூடைக்குப் போகிறது என்று ஒரு தனி ஷீட்டில் எழுதி வையுங்கள், மாதத்துக்கு மாதம் மனசு மாறக்கூடாது. தளம் தந்த அசல் பெயரையும் பக்கத்திலேயே ஒரு பத்தியில் விட்டுவையுங்கள். தளங்கள் திடீரென்று பட்டியலை மாற்றும். அன்றைக்கு 'தரம்' பாதியாகக் குறைந்தால் அது உங்கள் தையலின் பெருமை இல்லை.

கஸ்டமர் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அதை விடாமல் படியுங்கள். 'தரம் சரியில்லை' என்ற கூடைக்குள் "துணி மெல்லிசா இருக்கு", "உள்ள தெரியுது" என்று எழுதியிருந்தால், அது பழுதைப் பற்றிய புகார் இல்லை. நாம் போட்டோவில் கனமான துணிபோலக் காட்டியிருக்கிறோம் என்பதுதான்.

சரி, எங்க ஆரம்பிக்கறது? ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்ட முடியுமா?

மூன்று மாதம், 4,000 பீஸ் டெலிவரி, 520 ரிட்டர்ன். மொத்தம் 13 சதவீதம். இந்த மொத்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, நிறம் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

கறுப்பில் 1,200-க்கு 132 திரும்பியிருக்கிறது, 11 சதவீதம். நேவி 1,000-க்கு 110, அதுவும் 11. கிரே மெலாஞ்ச் 800-க்கு 86, ஏறக்குறைய அதே. மெரூன் 600-க்கு 120, அதாவது 20 சதவீதம். பாட்டில் கிரீன் 400-க்கு 72, 18 சதவீதம். ஆக, இந்தக் கடைக்கு இயல்பு 11 சதவீதம் என்றும், இரண்டு நிறம் மட்டும் தனியாக நிற்கிறது என்றும் தெரிகிறது.

வழக்கமாக இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். "மெரூனும் கிரீனும் ஒரே டையிங்கில் போட்டது, அவனுக்கு போன் போடு" என்பார்கள். காரணத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் இரண்டு வேறு கதை.

மெரூனில் 120 ரிட்டர்னில் 54 'படத்துக்கு மாறானது'. டெலிவரியில் 9 சதவீதம். மற்ற நிறங்களில் இந்தக் காரணம் 1, 2 சதவீதம்தான். மெரூனில் 'சிறிது' என்று வந்தது 30, அதாவது 5 சதவீதம், கறுப்பிலும் நேவியிலும் கிரேயிலும் இருப்பதைப்போலவே.

பாட்டில் கிரீனில் நிறத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஆறு பேர்தான். அங்கே 72-ல் 40 'சிறிது'. 10 சதவீதம், மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு.

இப்போது லாட் வாரியாக, அதாவது துணி வந்த தடவை வாரியாகப் பிரிக்கிறோம். மெரூன் இரண்டு லாட்டாக வந்தது. இரண்டிலும் 'படத்துக்கு மாறானது' 9 சதவீதம் சுற்றியே இருக்கிறது. இரண்டு லாட்டையும் ஒப்புதல் கொடுத்த ஷேடு துண்டோடு வெயிலில் பிடித்துப் பார்த்தால் சரியாகவே பொருந்துகிறது. துணி மாறவில்லை, ஆனால் முதல் நாளிலிருந்தே புகார் இருக்கிறது. அப்படியானால் தப்பு போட்டோவில். போட்டோவைத் திறந்து பார்த்தால் மாடல் போட்டிருப்பது ஏறக்குறைய தக்காளிச் சிவப்பு. பளிச்சென்று இருக்கட்டும் என்று எடிட் செய்தவர் ஏற்றி வைத்திருக்கிறார். அடர் மெரூன் வேண்டும் என்றவர் அதை வாங்கவே இல்லை, சிவப்பு வேண்டும் என்று வாங்கியவர் கையில் மெரூன் போய்ச் சேர்ந்தது.

பாட்டில் கிரீனில் முதல் லாட் 240 பீஸ், 'சிறிது' 12, ஐந்து சதவீதம். இரண்டாவது லாட் 160 பீஸ், 'சிறிது' 28, பதினேழரை சதவீதம். போட்டோ ஒன்று, சைஸ் சார்ட் ஒன்று, விலை ஒன்று. ஒரு லாட்டில் மட்டும் ஏறினால் அது பட்டியலிட்ட விதத்தின் கோளாறாக இருக்க முடியாது. பீஸை டேபிளில் போட்டு டேப் வைக்க வேண்டிய நேரம்.

அந்த கிரீன் லாட்ல என்ன ஆச்சு?

திரும்பி வந்தவற்றில் துவைக்காத, டேக் கிழிக்காத எம் சைஸ் பீஸ் பத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பி, அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே மார்பு அளந்து இரட்டித்தால் பேட்டர்னில் 40 அங்குலம் இருக்க வேண்டியது 39, சிலது முப்பத்தெட்டே முக்கால். ஒன்றிரண்டு பீஸ் என்றால் தையல்காரர் அதிகம் உள்ளே பிடித்துவிட்டார் எனலாம். பத்தும் ஒரே மாதிரி குறைந்தால் துணியே சுருங்கியிருக்கிறது.

ஜிஎஸ்எம் கட்டரால் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டோம். கட்டர் வெட்டும் வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர், அதனால் கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.80 கிராம் இருக்க வேண்டிய வட்டம் 1.85 காட்டியது. துணி சுருங்கும்போது அதே நூல் குறைந்த இடத்துக்குள் வருவதால் எடை ஏறும். மெல்லிய துணியைக் கொடுத்து ஏமாற்றியிருந்தால் எடை குறைந்திருக்கும்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். துணியின் அளவை நிலைப்படுத்தும் காம்பேக்டிங்கில் அகலம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று டயாவை, அதாவது துணியின் அகலத்தை, இழுத்து விட்டிருக்கிறார்கள். இழுத்த துணியை ஒரு நாளாவது பிரித்து ஆறப்போட்டிருந்தால் வெட்டும் முன்பே சுருங்கித் தன் நிலைக்கு வந்திருக்கும். ஆர்டர் அவசரம், ரோல் வந்த அன்றே விரித்துக் கட்டிங் போட்டுவிட்டார்கள். வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருந்தது. தைத்து, அயர்ன் பண்ணி, கவரில் போட்ட பிறகுதான் துணி சாவகாசமாகச் சுருங்கியது. அதனால்தான் கட்டிங் செக்கிங்கில் யாருக்கும் பிடிபடவில்லை.

மீதமிருந்த ஸ்டாக்கை எல்லாம் அளந்து, எம் லேபிளைப் பிரித்து எஸ் லேபிள் போட யோசித்தார்கள். மார்பு எஸ் சைஸுக்கும் எம்முக்கும் நடுவில், நீளம் எம்முக்கு உரியது. நான் வேண்டாம் என்றேன். அப்படிச் செய்திருந்தால் எஸ் சைஸில் 'பெரிது' என்று ரிட்டர்ன் ஆரம்பித்திருக்கும். மொத்தமாகக் கடை வியாபாரிக்குக் கழித்துவிட்டார்கள்.

எல்லா நிறத்துலயும் 5 சதவீதம் 'சிறிது' வருதே, அதை விட்டுடலாமா?

நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். கிரீன் லாட்டில் கூடுதலாக வந்தது சுமார் 20 பீஸ். எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கும் அந்த ஐந்து சதவீதம் 4,000-க்கு 200 பீஸ்.

அது எல்லா நிறத்திலும், எல்லா லாட்டிலும், எல்லா சைஸிலும் ஒரே அளவில் இருந்தது. இப்படிப் பரவலாக இருந்தால் சைஸ் சார்ட்டைத் திறந்து பாருங்கள். இங்கே சார்ட்டில் 'எம், மார்பு 40' என்று மட்டும் போட்டிருந்தது. அது டி-ஷர்ட்டின் அளவு. படிக்கிறவர் அதைத் தன் உடம்பின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார். 40 அங்குலம் மார்புள்ளவர் எம் வாங்கிப் போட்டால் மூச்சுவிட இடமிருக்காது. டி-ஷர்ட்டுக்கு உடம்பைவிட இரண்டு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம் வரை கூடுதல் வேண்டும்.

சார்ட்டில் இரண்டு பத்தி போட்டு, முதலில் 'உங்கள் மார்பளவு', அடுத்தது 'டி-ஷர்ட் மார்பளவு' என்று எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும். மாடல் போட்டிருக்கும் சைஸையும் அவருடைய உயரத்தையும் போட்டோவுக்குக் கீழே எழுதலாம். மாற்றிய பிறகு 'சிறிது' மட்டும் குறைகிறதா என்று பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். 'பெரிது' எவ்வளவு ஏறியது என்றும் பார்க்க வேண்டும். 'சிறிது' இரண்டு புள்ளி இறங்கி 'பெரிது' இரண்டு புள்ளி ஏறினால் கஸ்டமரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளிவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு ஜோடி அடையாளம்: ஒரே லாட்டில் எம் சைஸில் 'சிறிது', எஸ் சைஸில் 'பெரிது', இரண்டும் சேர்ந்து ஏறினால் தையல் செக்ஷனில் லேபிள் மாறிவிட்டது. ஐந்து பீஸ் அளந்தால் தெரிந்துவிடும்.

எனக்கு மாசம் 20 பீஸ்தான் போகுது, 4 திரும்பிடுச்சு. 20 சதவீதம்! லிஸ்டிங்க எடுத்துடவா?

இருங்கள். திரும்பிய எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை இரட்டித்து, இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தோராயமான கணக்குதான், ஆனால் அவசரத்தைத் தடுக்க இது போதும். 4-க்கு வர்க்கமூலம் 2, இரட்டித்தால் 4. அதாவது உண்மை நிலவரம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து எட்டு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லாத மாதமாகவும் இருந்திருக்கலாம்.

கிரீன் இரண்டாவது லாட்டைப் பாருங்கள். 28-க்கு வர்க்கமூலம் ஐந்து சொச்சம், இரட்டித்தால் கிட்டத்தட்ட 11. அதாவது 17-லிருந்து 39 வரை. இயல்பாக ஐந்து சதவீதம் என்றால் 160-க்கு 8 வந்திருக்க வேண்டும். 8 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது, ஆகவே சந்தேகப்படலாம்.

நிறம், சைஸ், லாட், காரணம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று பீஸ்தான் மிஞ்சும், அதில் ஏதாவது ஒன்று எப்போதும் பயமுறுத்தும். நான் ஒரு நேரத்தில் ஒரு வழியாகத்தான் பிரிப்பேன். முதலில் நிறம், குவிந்த இடத்தில் மட்டும் காரணம், அங்கே குவிந்தால் மட்டும் லாட். சின்ன எண்ணிக்கையில் விற்கிறவர்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், நான்கு பார்சலையும் கையாலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

லாட் நம்பர் எங்ககிட்ட கிடையாது, எல்லாம் ஒரே ரேக்ல கெடக்கும்.

பெரும்பாலான இடங்களில் இதே கதைதான். வாஷ்கேர் லேபிளின் பின்பக்கம் ஒரு சின்ன எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்துங்கள், அல்லது பார்கோடு ஸ்டிக்கரில் கடைசியில் லாட் எண்ணைச் சேர்த்து அச்சடியுங்கள். பேக்கிங்கில் ஸ்கேன் செய்தால் ஆர்டரோடு லாட் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதுவும் முடியாதென்றால், புது லாட் ரேக்குக்கு வந்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். பழசு தீர்ந்த பிறகே புதுசு என்ற ஒழுங்கு இருந்தால், அந்தத் தேதிக்கு முன், பின் என்று பிரித்துவிடலாம். இரண்டும் கலந்துபோன வாரத்தை விட்டுவிடுங்கள். தளத்தின் கிடங்கில் ஸ்டாக் வைத்திருப்பவர்களுக்கு எந்த லாட் யாருக்குப் போனது என்று தெரியாது. அவர்கள் திரும்பி வந்த பீஸின் ஸ்டாம்பைப் பார்த்து எண்ணி, அந்த லாட்டில் மொத்தம் எவ்வளவு அனுப்பினோம் என்பதால் வகுக்கலாம். கொஞ்சம் குறைவாகக் காட்டும், பரவாயில்லை.

எக்செல்லயே போட முடியுமா, சாஃப்ட்வேர் வாங்கணுமா?

எக்செல் போதும். ஒரு பீஸுக்கு ஒரு வரி. A-யில் ஐட்டம் ஐடி, B-யில் எஸ்கேயு, C-யில் லாட், D-யில் டெலிவரி தேதி, E-யில் கஸ்டமர் சொன்ன காரணம் போய்ச் சேரும் கூடையின் பெயர், 'சிறிது' என்றால் SMALL என்பதுபோல (திரும்பாவிட்டால் காலி), F-ல் பிரித்துப் பார்த்தபோது நாம் கண்டது. பிறகு இந்த ஒரு சூத்திரம்:

```
=COUNTIFS(B:B,"BGREEN-M",C:C,"L2",E:E,"SMALL")/COUNTIFS(B:B,"BGREEN-M",C:C,"L2")
```

ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 17, 18 இலக்கத்தில் வரும் ஆர்டர் ஐடியைச் சாதாரணமாகத் திறந்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அப்புறம் ஆர்டர் ஷீட்டையும் ரிட்டர்ன் ஷீட்டையும் சேர்த்தால் பாதி சேராது, சில வேறு ஆர்டரோடு சேர்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைலை நேரடியாகத் திறக்காமல் இம்போர்ட் செய்து, ஐடி பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள். ஒரே ஆர்டரில் இரண்டு பீஸ் இருந்தால் ஆர்டர் ஐடி ஒன்றாகவே இருக்கும் என்பதால், ஐட்டம் ஐடியை வைத்தே சேர்க்க வேண்டும்.

ரிட்டர்னே எடுக்க மாட்டோம்னு போட்டுட்டா இந்த வேலையே இல்லையே?

முழுக்க அப்படிப் போட முடியாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. அந்தத் தக்காளிச் சிவப்பு போட்டோ இரண்டாவது வகையில்தான் வரும்.

ரிட்டர்ன் குறைஞ்சுடுச்சு, ஆனா ஸ்டார் ரேட்டிங் இறங்கிட்டே போகுது. எப்படி?

ரிட்டர்ன் கணக்குக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. டி-ஷர்ட்டை முதல் முறை துவைக்கும்போது பெரும்பாலும் ஏழு நாள் முடிந்திருக்கும், துவைத்ததைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். சாயம் போவது, துவைத்த பிறகு சுருங்குவது, சைடு தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருவது, இவை எதுவும் ரிட்டர்ன் ரிப்போர்ட்டில் வராது. ரிவ்யூவில் ஒரு மாதம் கழித்து ஒற்றை ஸ்டாராக வரும்.

இதற்கு ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பீஸை எடுத்து நீங்களே துவைத்துப் பார்ப்பதுதான் வழி. துவைக்கும் முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 25 சென்டிமீட்டருக்கு அழியாத மையில் குறி போடுங்கள். வாஷ்கேர் லேபிளில் என்ன எழுதியிருக்கிறோமோ அதன்படியே மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்தால், நீளத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அது 5 சதவீதச் சுருக்கம். அதைத் தாண்டும் லாட்டை நான் பேக்கிங்குக்கு விடச் சொல்வதில்லை. நனைந்திருக்கும்போதே வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்து, துணியில் நிறம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். மெரூனிலும் கறுப்பிலும் இதை விடவே கூடாது. சைடு தையல் கீழ் ஓரத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை ஹேங்கரில் மாட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் முன்பக்கம் வந்திருந்தால், அந்த லாட்டின் துணி ரோலை நிறுத்தி வைத்துவிட்டு காம்பேக்டிங்காரருக்கு போன் போடுங்கள்.